பி.எஸ்.ஏ. இறங்கிவிட்டது, ஹார்மோன் ஊசியைத் தள்ளிப்போடலாமா?

"டாக்டர், எனக்கு வயது 67. புராஸ்டேட் புற்றுநோய் நெறிக்கட்டிகளுக்கும் ஒரு விலா எலும்புக்கும் பரவியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லியூப்ரோலைடு ஊசி போடுகிறார்கள், நான்கு ஊசி முடிந்தது. 84 ஆக இருந்த பி.எஸ்.ஏ. இப்போது 0.3. ஆனால் ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டுகிறது. இரவில் மூன்று முறை சட்டை மாற்றுகிறேன். தூக்கமில்லாமல் மனைவியிடம் எரிந்து விழுகிறேன். ஆறு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள், அதனால் ஒவ்வொரு முறை வியர்க்கும்போதும் மாரடைப்போ என்று பயம் வருகிறது. எடை 6 கிலோ கூடிவிட்டது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.0-இலிருந்து 6.6 ஆகிவிட்டது. மாத்திரைகள் அதிகமாகப் போனதால் கொழுப்பு மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். எலும்பு ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இல்லை என்றார்கள், கால்சியமும் சாப்பிடுகிறேன், அதனால் எலும்பைப் பற்றிக் கவலையில்லை. இதயத்துக்குப் பாதுகாப்பான வேறு ஊசி இருப்பதாக மருமகன் சொல்கிறார். பி.எஸ்.ஏ. இவ்வளவு இறங்கிவிட்டதே, அடுத்த ஊசியைத் தள்ளிப்போட்டால் என்ன?"

ஐயா, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் ஊசித் தேதி நெருங்கிக்கொண்டிருக்கும். அதை நீங்களாகத் தள்ளிப்போட வேண்டாம். பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் அணுக்கள் ரத்தத்தில் விடும் ஒரு புரதத்தின் அளவு, அது 0.3 ஆனது நல்ல செய்திதான். ஆனால் நோய் போய்விட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. புராஸ்டேட் புற்றணுக்கள் டெஸ்டோஸ்டிரோனைத் தின்று வளர்பவை. இந்த ஊசி மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து விதைப்பைக்குப் போகும் கட்டளையை நிறுத்துகிறது, விதைப்பை டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதை நிறுத்துகிறது. ரத்தத்தில் சாதாரணமாக முந்நூறுக்கு மேல் இருக்கும் அளவு ஐம்பதுக்குக் கீழே விழுகிறது. தீனி கிடைக்காமல் புற்றணுக்களில் பல சாகின்றன, மீதி ஒடுங்கிக் கிடக்கின்றன. ஒடுங்கிக் கிடப்பதைத்தான் அந்த 0.3 காட்டுகிறது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஒரு ஊசியைத் தள்ளிப்போடுவதால் நீங்கள் எதிர்பார்க்கும் நிம்மதி கிடைக்காது. மூன்று மாத ஊசியின் மருந்து தீர்ந்தவுடன் டெஸ்டோஸ்டிரோன் எழுந்து வந்துவிடுவதில்லை. உங்கள் வயதில், ஒரு வருடம் ஊசி போட்ட பிறகு, அது பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். அதுவரை கொதிப்பு அப்படியேதான் இருக்கும். நோய் எந்த மாதத்தில் விழித்துக்கொள்ளும் என்பதோ யார் கையிலும் இல்லை.

ஊசியை இடைவெளி விட்டுப் போடும் முறை ஒன்று உண்மையிலேயே உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. பரவிய நோய் உள்ள 1,535 பேரை வைத்து அதைச் சோதித்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு மாதம் ஊசி போட்டு, பி.எஸ்.ஏ. 4-க்குக் கீழே வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தொடர்ந்து ஊசி, மீதிப் பேருக்கு இடைவெளி. தொடர்ந்து போட்டவர்களின் நடுமட்ட ஆயுள் 5.8 வருடம், இடைவெளி விட்டவர்களுக்கு 5.1 வருடம். அந்த வித்தியாசம் தற்செயலா, உண்மையா என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவில் ஆய்வு முடிந்தது. இடைவெளி விட்டவர்களுக்குத் தாம்பத்திய உணர்விலும் மனநிலையிலும் தொடக்கத்தில் கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது, அது நீடிக்கவில்லை. ஆக, இது ஒரு மருத்துவரோடு உட்கார்ந்து, மாதாமாதம் பி.எஸ்.ஏ. பார்த்துக்கொண்டு, இழப்பு என்ன என்று தெரிந்தே எடுக்க வேண்டிய முடிவு. வியர்வை தாங்காமல் ஒரு தேதியை விட்டுவிடுவது வேறு. வியர்வைக்கு வேறு வழிகள் இருக்கும்போது ஊசியைப் பலி கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

அந்தக் கொதிப்பு ஏன் வருகிறது

ஆண் உடம்பிலும் பெண் ஹார்மோன் உண்டு என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. டெஸ்டோஸ்டிரோனில் ஒரு சிறு பங்கு ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஊசி டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தும்போது ஈஸ்ட்ரோஜனும் வற்றிப்போகிறது. மூளையில் உடல் வெப்பத்தைக் கண்காணிக்கும் இடம் அதற்குப் பிறகு மிகவும் கூச்சமாகிவிடுகிறது. முன்பெல்லாம் கண்டுகொள்ளாத சின்ன வெப்ப மாற்றத்துக்கே 'உடம்பு சுடுகிறது' என்று அலறி, ரத்தக் குழாய்களைத் திறந்து, வியர்வையைக் கொட்டவைக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருவதும் இதேதான். இந்த ஊசி போடும் ஆண்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஓர் அளவில் வருகிறது.

இதையும் மாரடைப்பையும் எப்படிப் பிரிப்பது? கொதிப்பு நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் அலை மாதிரி ஏறும். தோல் சிவந்து தொட்டால் சூடாக இருக்கும். சில நிமிடங்களில் அடங்கி, முடியும்போது குளிர் எடுக்கும். நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வரும். மாரடைப்பின் வியர்வை குளிர்ந்த வியர்வை, தோல் வெளிறிச் சில்லென்று இருக்கும். நெஞ்சில் அழுத்தம், கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, மூச்சுத் திணறல், குமட்டல் இவற்றில் ஏதாவது கூட இருக்கும். பத்து நிமிடத்தில் அடங்காது. இப்படி வந்தால், அல்லது ஸ்டென்ட் வைப்பதற்கு முன் வந்த அதே மாதிரி உணர்வு வந்தால், கொதிப்பா மாரடைப்பா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம் என்பதால் மூச்சுத் திணறலை மட்டும் வைத்தே கிளம்பலாம்.

மருந்து கேட்பதற்கு முன் ஒரு வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணி, எவ்வளவு நேரம், அதற்கு முன் என்ன செய்தீர்கள். என்னிடம் வந்த ஒருவர் இப்படி எழுதிய நோட்டைக் காட்டினார். பதினான்கு இரவுக் கொதிப்புகளில் ஒன்பது, படுக்கப் போகும் முன் சூடாகக் குடித்து, கனமான போர்வையைப் போர்த்திய இரவுகளில் வந்தவை. அந்த இரண்டையும் மாற்றியதில் எல்லாம் நின்றுவிடவில்லை. ஆனால் இரவில் மூன்று முறை எழுவது ஒரு முறையானது. சூடான பானம், மது, காரம், புழுக்கமான அறை, கோபம் இவை பொதுவாகத் தூண்டுகிறவை. தடித்த போர்வை ஒன்றுக்குப் பதில் மெல்லியவை இரண்டு, படுக்கைக்குப் பக்கத்தில் மாற்றுச் சட்டை, ஒரு ஈரத்துணி. சின்ன விஷயங்கள்தான், ஆனால் தூக்கம் திரும்பினால் எரிந்து விழுவதும் குறையும்.

அது போதவில்லை என்றால் மாத்திரைகள் உண்டு. பலருக்கு முதலில் கொடுப்பது மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை, ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம், பத்து வாரம் வரை கொடுத்துப் பார்ப்பது. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ரத்தம் உறைவதற்கும் எடை கூடுவதற்கும் வழி செய்யக்கூடியது என்பதால், ஸ்டென்ட் வைத்திருக்கும் உங்களுக்கு இதை முதலில் எழுத நான் தயங்குவேன். வென்லாஃபாக்சின் என்ற மன அழுத்த மருந்து குறைந்த அளவில், 37.5 மில்லிகிராமில் தொடங்கி, கொதிப்பைக் கொஞ்சம் தணிக்கும். பலன் ஹார்மோன் மாத்திரை அளவுக்கு இருக்காது. ரத்த அழுத்தத்தை ஏற்றலாம், அதனால் அளந்து பார்க்க வேண்டும். நிறுத்தும்போது திடீரென்று நிறுத்தக் கூடாது. ஆக்ஸிபியூட்டினின் என்ற சிறுநீர்ப்பை மருந்தும் ஆண்களிடம் சோதிக்கப்பட்டுப் பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் வாய் உலரும், மலச்சிக்கல் வரும், சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், வயதானவர்களுக்கு மறதியும் குழப்பமும் வரலாம். சிறுநீர் போவதில் ஏற்கெனவே சிரமம் இருந்தால் இது உங்களுக்கு வேண்டாம். உங்கள் இடத்தில் எனக்குத் தோன்றும் வரிசை: நோட்டு, அப்புறம் வென்லாஃபாக்சின், அதுவும் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, ஈ.சி.ஜி. எடுத்த பிறகு. இந்த ஊசியே இதயத் துடிப்பின் மின் ஓட்டத்தைச் சற்று நீட்டக்கூடியது, வேறு மருந்து சேரும்போது பார்த்துக்கொள்வது நல்லது.

இதயத்தைப் பொறுத்தவரை, ஊசியின் பெயர் மட்டும் பிரச்சினை அல்ல

டெஸ்டோஸ்டிரோன் வற்றினால் தசை கரைகிறது, கொழுப்பு சேர்கிறது, இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. உங்கள் 6 கிலோவுக்கும் 6.6-க்கும் காரணம் இதுதான். சோம்பேறித்தனம் என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் சராசரி 6.5-ஐத் தொட்டாலே நீரிழிவு என்ற கணக்கு. ஒருமுறை திரும்பப் பரிசோதித்து உறுதியானால், சர்க்கரைக்கு இப்போதே சிகிச்சை தொடங்க வேண்டும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2010-லேயே இந்த வகை ஊசிகளின் உறையில் நீரிழிவு, இதய நோய் எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது.

மருமகன் சொல்வது முழுக்கத் தவறில்லை. லியூப்ரோலைடு, கோசெரலின் போன்றவை முதலில் பிட்யூட்டரியைத் தூண்டிவிட்டு, பிறகு ஓய்ந்துபோக வைப்பவை. டெகரெலிக்ஸ் ஊசியும் ரெலுகோலிக்ஸ் மாத்திரையும் தூண்டாமல் நேரடியாகவே தடுப்பவை. 2020-இல் வெளியான ஆய்வு ஒன்றில் ரெலுகோலிக்ஸ் எடுத்தவர்களில் 2.9 சதவீதம் பேருக்கும் லியூப்ரோலைடு போட்டவர்களில் 6.2 சதவீதம் பேருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகளோ மரணமோ நேர்ந்தது. கேட்டதும் மாற்றிவிடலாமே என்று தோன்றும். ஆனால் அடுத்த வருடமே, ஏற்கெனவே இதய நோய் உள்ள உங்களைப் போன்றவர்களை மட்டும் சேர்த்து, டெகரெலிக்ஸையும் லியூப்ரோலைடையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். ஒரு வருடத்தில் முறையே 5.5, 4.1 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றுதான் அதைப் படிக்க வேண்டும். போதிய பேர் சேராமல் பாதியில் நின்ற ஆய்வு அது என்பதால் விவாதம் இன்னும் முடியவில்லை.

மாற்றுவதற்கும் விலை உண்டு. டெகரெலிக்ஸ் மாதாமாதம் வயிற்றில் போடும் ஊசி, போட்ட இடத்தில் வலியும் வீக்கமும் அடிக்கடி வரும். ரெலுகோலிக்ஸ் தினமும் விழுங்க வேண்டிய மாத்திரை. மாத்திரை அதிகமாகிவிட்டது என்று ஒன்றை நிறுத்திய உங்களிடம் தினசரி மாத்திரையை நம்பிக் கொடுப்பதற்கு முன் எந்த மருத்துவரும் யோசிப்பார். ஊசியை மறக்க முடியாது, மாத்திரையை மறக்கலாம். சில நாள் விட்டாலே டெஸ்டோஸ்டிரோன் எழத் தொடங்கும். அதனால் இதை இதய மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் சேர்ந்து பேசி முடிவெடுக்கட்டும். கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

கடிதத்தைப் படித்தபோது என்னைப் பதறவைத்தது வேறு ஒரு வரி. கொழுப்பு மாத்திரையை நிறுத்தியது. எந்த ஊசி என்பதைவிட உங்கள் இதயத்துக்கு இன்று பெரிய ஆபத்து அதுதான். கொழுப்பைச் சேர்க்கும் ஊசி ஒரு பக்கம், ஸ்டென்ட் ஒரு பக்கம், நடுவில் காவலாக இருந்ததை எடுத்துவிட்டீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே இருக்க வேண்டும், பல இதய மருத்துவர்கள் 55-க்குக் கீழே கேட்பார்கள். நாளைக்கே இதய மருத்துவரை அழைத்துச் சொல்லி, திரும்பத் தொடங்குங்கள். ஆஸ்பிரினையும் நிறுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை எண்ணிக்கை தொல்லை என்றால், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மேசையில் கொட்டி, எதைக் குறைக்கலாம் என்று அவரையே கேளுங்கள். குறைக்கக்கூடியது பெரும்பாலும் இரண்டொன்று இருக்கும்.

'எலும்பு ஸ்கேன் நன்றாக இருக்கிறது'

இந்த இடத்தில் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். உங்களுக்கு எடுத்த எலும்பு ஸ்கேன், புற்றுநோய் எலும்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடுவது. கதிரியக்க மருந்தைக் கையில் ஏற்றி, அது எந்த இடத்தில் அதிகம் சேர்கிறது என்று பார்ப்பார்கள். எலும்பு எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதை அது அளப்பதே இல்லை. அதை அளப்பது டெக்ஸா என்னும் வேறு ஸ்கேன். ஊசி கிடையாது, சட்டை பேன்ட்டோடு பத்துப் பதினைந்து நிமிடம் படுத்திருந்தால் போதும். இடுப்பு, முதுகெலும்பு இரண்டின் அடர்த்தியையும் எண்ணாகத் தரும். டி-ஸ்கோர் என்பார்கள். மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் என்றால் எலும்பு மெலிதல் நோய், நடுவில் இருப்பது எச்சரிக்கை. முதுகெலும்பில் தேய்மானம் இருந்தால் அங்கே எண் உள்ளதைவிட நன்றாகத் தெரியும், இடுப்பு எண்ணையும் கேட்டுப் பாருங்கள்.

வயதாவதால் ஆணின் எலும்பு ஒரு வருடத்தில் அரை முதல் ஒரு சதவீதம் குறையும். இந்த ஊசி போட்ட முதல் வருடத்தில் மட்டும் 2 முதல் 5 சதவீதம் வரை போய்விடலாம். நீங்கள் அந்த முதல் வருடத்தின் முடிவில் நிற்கிறீர்கள். ஊசி தொடங்கியபோதே டெக்ஸா எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் இந்த மாதமே கேட்டு வாங்குங்கள். எலும்பு மெலிவது வலிக்காது. தடுக்கி விழுந்து இடுப்பு முறியும்போதுதான் தெரியவரும். ஆண் எலும்பைக் காத்துக்கொண்டிருந்ததும் பெரும்பாலும் அந்த ஈஸ்ட்ரோஜன்தான். கொதிப்புக்கும் இதற்கும் வேர் ஒன்று.

கால்சியம் சாப்பிடுவது நல்லதே, ஆனால் அது செங்கல் மட்டும், கொத்தனார் இல்லை. உணவும் மாத்திரையும் சேர்த்து நாளைக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் போதும், அதற்கு மேல் பலன் இல்லை, சிறுநீரகக் கல்தான் மிச்சம். வைட்டமின் டி 800 முதல் 1,000 யூனிட். டெக்ஸா மோசமாக வந்தாலோ, முன்பு லேசாக விழுந்தே எலும்பு முறிந்திருந்தாலோ, இது போதாது. அப்போது கொடுப்பது எலும்பு கரைவதைத் தடுக்கும் டினோசுமாப் 60 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலடி ஊசி. ஹார்மோன் ஊசி போடும் சுமார் 1,470 ஆண்களிடம் மூன்று வருடம் பார்த்ததில், புதிய முதுகெலும்பு முறிவு 3.9 சதவீதத்திலிருந்து 1.5 ஆகக் குறைந்தது. இதைத் தொடங்கினால் ஆறு மாதத் தேதியைத் தவறவிடக் கூடாது. பாதியில் நின்றால் எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்புகள் வரிசையாக முறிந்தவர்கள் உண்டு. வருடம் ஒருமுறை போடும் ஸோலெட்ரானிக் அமிலம் இன்னொரு வழி, அதற்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். எதுவானாலும் முதலில் பல் மருத்துவரிடம் போய், பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிட்டு வாருங்கள். இந்த மருந்துகளின்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போவது அரிது, ஆனால் வந்தால் பெரும் பாடு.

உங்கள் விலா எலும்பில் நோய் இருப்பதால் யாராவது டினோசுமாப் 120 மில்லிகிராம் மாதாமாதம் என்று சொன்னால், எதற்காக என்று கேளுங்கள். அது, ஹார்மோன் ஊசிக்கு நோய் அடங்காமல் போய், எலும்பில் பரவியவர்களுக்கான அளவு. உங்கள் நோய் இப்போது ஊசிக்கு அடங்கியிருக்கிறது.

மருந்தைவிட நான் வற்புறுத்துவது ஒன்று உண்டு. நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் ஊன்றி எழுகிறீர்களா? ஆமாம் என்றால் தொடைத் தசை கரைந்திருக்கிறது. தசை போனவர் விழுவார், விழுந்தால் மெலிந்த எலும்பு முறியும். கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, குதிகாலைத் தூக்கி நிற்பது, இவற்றைப் பத்துப் பத்தாக, வாரத்தில் இரண்டு மூன்று நாள். மற்ற நாட்களில் அரை மணி வேக நடை. ஸ்டென்ட் இருப்பதால் இதய மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சர்க்கரை, எடை, எலும்பு, சோர்வு நான்குக்கும் உதவும் ஒரே மருந்து இதுதான்.

ஊசியோடு மாத்திரை சேர்க்கச் சொன்னார்களா?

உங்கள் கடிதத்தில் ஊசி மட்டும்தான் இருக்கிறது. பரவிய நோய்க்கு இப்போதெல்லாம் ஊசியோடு இன்னொரு மருந்தையும் தொடக்கத்திலேயே சேர்ப்பது வழக்கம், ஆயுளைக் கூட்டும் என்பதால். உங்களுக்கு அது ஏன் சேர்க்கப்படவில்லை என்று மருத்துவரிடம் கேளுங்கள், இதயம் காரணமாக இருக்கலாம். அப்படிச் சேர்க்கும் மருந்துகளில் அபிராடிரோன் ரத்த அழுத்தத்தை ஏற்றி பொட்டாசியத்தை இறக்கும், கூடவே கொடுக்கும் பிரெட்னிசோலோன் சர்க்கரையையும் எலும்பையும் தொடும். என்சலுடமைடு எடுப்பவர்களுக்கு விழுதலும் எலும்பு முறிவும் கூடுதல். எதைச் சேர்த்தாலும் டெக்ஸாவும் ரத்த அழுத்தக் கணக்கும் கையில் இருந்தால்தான் பேச்சு சரியாக நடக்கும்.

ஊசித் தேதிக்கு முன் நடக்க வேண்டியவை: கொழுப்பு மாத்திரை, ஈ.சி.ஜி., டெக்ஸா, திரும்ப ஒரு சர்க்கரைச் சராசரி, பல் மருத்துவர். பி.எஸ்.ஏ.வோடு டெஸ்டோஸ்டிரோன் அளவையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், ஊசி சரியாக வேலை செய்கிறதா என்று அதில்தான் உறுதியாகும். மனைவியையும் அழைத்துப் போங்கள். இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்று உங்களைவிட அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.

முதுகில் புதிதாக வலி வந்து, படுத்தால் கூடினால், கால்கள் தளர்ந்தால், தொடையிடுக்கில் மரத்துப்போனால், சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால், அடுத்த சந்திப்பு வரை பொறுக்காதீர்கள். தண்டுவடம் நசுங்கும் அறிகுறிகள் அவை. நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய், "எனக்கு எலும்பில் பரவிய புராஸ்டேட் புற்றுநோய், இன்றே முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ. வேண்டும்" என்று சொல்லுங்கள். கால் நடக்கும்போதே சிகிச்சை தொடங்கியவர்கள்தான் பெரும்பாலும் திரும்ப நடக்கிறார்கள்.